ஞாயிற்றுக்கிழமை அழைப்பு: பத்து நிமிடத் திரைக்கதையை எப்படி எழுதுவது?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் நடக்கவிருக்கும் எங்கள் பொங்கல் விழாவில் 10 நிமிடக் குறும்படம் ஒன்று போட இடம் தந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே சாப்பாட்டுக் கடையில் வேலை செய்யும் ஒருவர் வாராவாரம் வீட்டுக்குப் பேசுவதைக் கதையாக எடுத்துக்கொண்டேன். எழுத எழுத அது வெறும் நலம் விசாரிப்பாகவோ அழுகையாகவோ போய்விடுகிறது. திரைக்கதையை எப்படி அமைப்பது?

பதில்: முதலில் தீர்க்க வேண்டியது, அந்த மனிதர் ஏன் வாரத்துக்கு ஒருமுறை மட்டும் பேசுகிறார் என்பதே. அட்டை வாங்கிச் சுரண்டி எண்ணை அழுத்திப் பேசிய காலத்தில் இந்தக் கேள்வி எழாது. ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு போனது. இன்று வாட்ஸ்அப் இருக்கிறது, கடையிலேயே வைஃபை இருக்கிறது. பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளைகூட ‘தினமும் பேசலாமே’ என்று நினைக்கும். அந்த நினைப்பு வந்த பிறகு நீங்கள் எழுதும் ஏக்கமெல்லாம் நம்பும்படி இருக்காது. காரணத்தை இந்தப் பக்கத்தில் தேடாமல் ஊர்ப் பக்கத்தில் தேடுங்கள் என்பது என் யோசனை.

ஒரு குடும்பத்தை வைத்துச் சொல்கிறேன். பெயர்களும் சம்பவங்களும் கற்பனைதான். முருகேசனுக்கு இருபத்தாறு வயது. ஊர் அறந்தாங்கிக்குப் பக்கத்தில். அம்மாவிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய கைப்பேசி. அதில் முகம் பார்க்க முடியாது, காதும் அவளுக்குச் சரியாகக் கேட்காது. தங்கை கவிதா புதுக்கோட்டையில் விடுதியில் தங்கிச் செவிலியர் படிப்புப் படிக்கிறாள். சனிக்கிழமை இரவு வீட்டுக்கு வந்து திங்கள் காலைப் பேருந்தில் திரும்புகிறாள். திரை உள்ள கைப்பேசி அவளிடம்தான் இருக்கிறது. ஆகவே அம்மாவும் மகனும் ஒருவரையொருவர் பார்க்க ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் வழி. இந்த ஏற்பாட்டில் இன்னொரு லாபமும் உண்டு. அம்மா பேசும்போது மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். மகள் பேசும்போது அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள். யாரும் யாரிடமும் தனியாக எதையும் சொல்ல முடியாது. ‘நல்லா இருக்கேன்’ என்ற பதில் அப்போது வெறும் சம்பிரதாயமாக இல்லாமல் கட்டாயமாகிவிடுகிறது.

உங்கள் பிரதி நலம் விசாரிப்பாகப் போவதற்குக் காரணம், இரண்டு பக்கமும் உண்மையைப் பேசுவதுதான் என்று ஊகிக்கிறேன். ஒருவர் துன்பத்தைச் சொல்லி மற்றவர் ஆறுதல் சொன்னால் அங்கே நிகழ்வதற்கு ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் ஆளுக்கொன்றை மறைக்கட்டும். ஆனால் அந்த இரண்டு மறைப்புகளும் தற்செயலாக ஒரே சமயத்தில் வந்தால் கதை செய்யப்பட்டதாகத் தெரியும். ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாக இருக்க வேண்டும். என் உதாரணத்தில், புரட்டாசி சனிக்கிழமைக் கூட்டத்தில் வடை போடும்போது எண்ணெய் சிந்தி முருகேசனின் இடக்கை வெந்துபோகிறது. அவன் அதை வீட்டில் சொல்லவில்லை. வேலைக்குப் போகாத நாள்களுக்குச் சம்பளம் பிடிக்கப்படுகிறது. அந்த மாதம் அவனால் பணம் அனுப்ப முடியவில்லை. கவிதாவுக்குக் கட்டணம் கட்ட வேண்டிய நாள் வந்துவிட்டதால், அவன் அனுப்பிய பணத்தில் வாங்கிய பசுவை அம்மா விற்றுவிடுகிறாள். அவர்கள் அதை அவனிடம் சொல்லவில்லை. அவன் கையை மறைத்ததால்தான் பசு போனது. அவன் சொல்லியிருந்தால் அவர்கள் வேறு வழி தேடியிருக்கக்கூடும் என்பதைப் படத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை.

இங்கே ஓர் ஓட்டையை அடைத்தாக வேண்டும். உங்கள் பார்வையாளர்களில் பாதிப் பேர் எங்கோ ஓரிடத்தில் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள், ‘சொக்சோ இல்லையா?’ என்று உடனே கேட்பார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் சொக்சோவின் வேலையிடக் காயத் திட்டத்தில் முதலாளி பதிய வேண்டும் என்பது 2019 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. சிகிச்சைச் செலவும் வேலைக்குப் போக முடியாத நாள்களுக்கான உதவித்தொகையும் அதில் அடங்கும். ஆகவே முதலாளி பதியவில்லை என்பதை ஒரே வரியில் உணர்த்திவிடுங்கள். கிளினிக் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, ‘காச நான் கட்டிடறேன் தம்பி, கடையில நடந்துச்சுன்னு உள்ள சொல்லிக்கிட்டு இருக்காத’ என்று அவர் சொன்னால் போதும். அவர் கொடுமைக்காரராகவும் ஆகவில்லை, நல்லவராகவும் ஆகவில்லை. சிறிய ஊரில் கடை நடத்துகிறவர்களும் அந்த மண்டபத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைத் திட்டும் படத்தைவிட, அவர்கள் நாற்காலியில் சற்று நெளியும் படம் எழுதுவதற்குக் கடினம். ஆனால் அதைத்தான் எழுத வேண்டும்.

அடுத்ததாக, கேமரா எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதைப் பார்ப்போம். இரண்டு வீடுகளையும் மாற்றி மாற்றிக் காட்டுவது எளிதில் தோன்றும் வழி. உங்களுக்கு அது வேண்டாம். அறந்தாங்கிப் பக்கத்துக் கரம்பைச் செம்பனைக்கு நடுவே நீங்கள் எடுக்க முடியாது. எடுத்தாலும் முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஊர் முழுத்திரையில் வந்துவிட்டால், அவன் பார்ப்பதைவிட நாம் அதிகம் பார்த்துவிடுகிறோம். மறைப்புக்கு இடம் இல்லாமல் போகிறது. ஊர் அவன் கைப்பேசித் திரைக்குள் மட்டுமே வரட்டும். படம் முழுக்கச் சுங்கை சிப்புட்டிலேயே இருக்கட்டும்.

நேரத்தை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். இந்திய நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. காலை ஐந்து மணிக்குப் பசியாறல் வேலையில் இறங்கும் முருகேசன் இரவு ஏழரைக்கு விடுபட்டு எட்டு மணிக்கு அழைக்கிறான் என்றால், அங்கே மாலை ஐந்தரை. இங்கே இருட்டிவிட்டது, அங்கே புரட்டாசி வெயில் இன்னும் சாய்வாக இருக்கிறது. கடையின் பின்சந்தில் இருட்டில் உட்கார்ந்திருப்பவன் முகத்தில் கைப்பேசியிலிருந்து ஊரின் வெயில் வெளிச்சம் படுவது உங்களுக்குச் செலவில்லாமல் கிடைக்கும் காட்சி. இப்படிப்பட்ட பிரதிகளில் இரண்டு பக்கமும் ‘இரவு’ என்று எழுதப்பட்டிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அந்தப் பிழையைப் படப்பிடிப்பில் திருத்த முடியாது, எழுத்திலேயே திருத்த வேண்டும். மேலும் மாலை ஐந்தரை என்பது பசு மேய்ச்சலிலிருந்து வந்து கட்டுத்தறியில் நிற்கும் நேரம். இது பின்னால் உதவும்.

அமைப்பை ஐந்து ஞாயிறுகளாக வைத்துக்கொள்வேன். ஆனால் ஐந்தும் ஒரே நீளத்தில் இருக்கக் கூடாது. முதல் அழைப்பு ஏறக்குறைய இரண்டு நிமிடம். அதில் வழக்கம் நிலைபெற வேண்டும்: ‘கேக்குதா, கேக்குதா’ என்ற தொடக்கம், என்ன சாப்பிட்டாய் என்ற கேள்வி, பிறகு ‘லெச்சுமியக் காட்டு’ என்று அவன் கேட்பதும் கவிதா கைப்பேசியோடு கொல்லைப்புறம் போவதும். பசுவின் கழுத்தில் பளிச்சென்ற நீல நிற நைலான் கயிறு. இரண்டாவது அழைப்பு ஒன்றரை நிமிடம். கையில் தடித்த கட்டு, கைப்பேசியைப் பிடிக்கும் விதமே மாறியிருக்கிறது. ‘கேக்குதா’வை இங்கே வெட்டிவிடுங்கள். மூன்றாவது அரை நிமிடம்கூட வேண்டாம்: ‘இந்த மாசம் கொஞ்சம் லேட்டாகும்மா’ என்ற ஒரு வரியும், அதற்கு அம்மா சொல்லும் ‘ஒன்னும் அவசரமில்ல’வும், பசுவைப் பற்றிய ஒரு கேள்வியும் போதும். தொகையைச் சொல்லாதீர்கள். வெள்ளியில் சொன்னால் அங்கே எவ்வளவு என்றும், ரூபாயில் சொன்னால் இங்கே எவ்வளவு என்றும் மண்டபம் கணக்குப் போடத் தொடங்கிவிடும். அதற்குள் அம்மாவின் பதில் கடந்துபோய்விடும். நான்காவது அழைப்புதான் படம். அதற்கு மூன்றரை நிமிடம் கொடுங்கள். ஐந்தாவதுக்கு ஒரு நிமிடம். மிச்சமுள்ள ஒன்றரை நிமிடத்தில் கடை, கிளினிக், வாடிக்கையாளர்கள். அழைப்புகளுக்கு இடையே தேதி போட வேண்டாம்; கையிலுள்ள கட்டே நாள்காட்டி. மேலோட்டமான கொப்புளக் காயம் ஆற இரண்டு மூன்று வாரம் ஆகும் என்பதால் இரண்டாம் ஞாயிறு தடித்த கட்டு, நான்காம் ஞாயிறு மெல்லிய துணி, ஐந்தாம் ஞாயிறு கட்டில்லாமல் இளஞ்சிவப்புத் தழும்பு என்று ஒவ்வொரு காட்சித் தலைப்பின் கீழும் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் படப்பிடிப்பு நாளில் குழம்பிவிடும்.

நான்காவது அழைப்பின் நடுப்பகுதியை எழுதிக் காட்டுகிறேன்.

காட்சி 9. வெளி. கடையின் பின்சந்து. இரவு.

ஒற்றைக் குழல்விளக்கு. காலி எண்ணெய்த் தகரங்கள். கவிழ்த்த தகரம் ஒன்றின் மேல் முருகேசன். கைப்பேசி வலக்கையில், மெல்லிய கட்டுப் போட்ட இடக்கை தொடைக்குப் பக்கத்தில், கைப்பேசியின் பார்வைக்குக் கீழே. முகத்தில் திரையின் வெயில் வெளிச்சம்.

முருகேசன்: லெச்சுமி எங்க? காட்டு புள்ள.

கவிதா (குரல்): மேயப் போயிருக்குண்ணே.

முருகேசன்: இந்நேரத்துலயா?

கவிதா (குரல்): பக்கத்து வீட்டுப் பய ஓட்டிக்கிட்டுப் போனான். இன்னும் வரல.

அம்மா (குரல்): நீ சாப்டியா தம்பி?

முருகேசன்: சாப்டேன். நீ செத்த தள்ளி உக்காரும்மா. மூஞ்சி இருட்டடிக்குது.

கைப்பேசித் திரை: அம்மா நகர்கிறாள். அவளுக்குப் பின்னால் சுவர். ஆணியில் நீலக் கயிறு, சுருட்டி மாட்டியிருக்கிறது.

அம்மா (குரல்): இப்பத் தெரியுதா?

முருகேசன் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். உள்ளே கடையில் யாரோ தே தாரிக் கேட்கும் குரல்.

முருகேசன்: தெரியுது.

முகத்தைத் துடைக்க இடக்கையைத் தூக்குகிறான். தூக்கிய பிறகே நினைவு வந்து கீழே இறக்குகிறான். மறுபுறம் சத்தமில்லை.

முருகேசன்: கேக்குதா?

கவிதா (குரல்): கேக்குதுண்ணே.

அம்மா (குரல்): வேல ஜாஸ்தியா தம்பி?

முருகேசன்: இல்லம்மா.

இந்தப் பகுதியில் ஒரு பொருள்தான் வேலை செய்கிறது. பசு மேய்ச்சலுக்குப் போயிருந்தால் கயிறு அதன் கழுத்தில் இருந்திருக்கும், சுவரில் தொங்காது. இது யாருக்கும் புரியும். மாட்டை விற்கிறவர்கள் கயிற்றைக் கொடுக்காமல் தங்களிடமே வைத்துக்கொள்வது ஊர்வழக்கம் என்பதும், தோட்டத்தில் லயத்துக்குப் பின்னால் மாடு வளர்த்த நம் பெரியவர்களில் பலருக்குத் தெரியும். அவர்களுக்கு அந்தக் கணம் இன்னும் சீக்கிரமாக உறைக்கும். ஆனால் முதல் அழைப்பில் கயிற்றின் நிறத்தை நன்றாகப் பதித்திருக்காவிட்டால், நான்காம் அழைப்பில் யாருக்கும் ஒன்றும் புரியாது. எதிர்பாராமல் தெரியவரும் எந்தப் பொருளையும் அதற்கு முன்பே ஒருமுறை, வேறு காரணத்துக்காக, பார்வையாளர் பார்த்திருக்க வேண்டும்.

அவர்கள் அவன் கையைப் பார்த்தார்களா? அதை முடிவு செய்யும் காட்சியை எழுதாதீர்கள். அந்த நேரத்தில் கைப்பேசித் திரையைக் காட்டக் கூடாது. சத்தம் நின்று, பிறகு அம்மா சம்பந்தமில்லாத ஒரு கேள்வி கேட்பது போதும். உங்கள் நண்பர்கள் பிரதியைப் படித்துவிட்டு ‘இங்கே அம்மா அழ வேண்டாமா?’ என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். அழுதால் உண்மை வெளியே வந்துவிடும். ஐந்தாவது அழைப்புக்கு வேலையில்லாமல் போகும். ஐந்தாவதில் நடப்பது ஒன்றே ஒன்று: அவன் பசுவைக் காட்டச் சொல்லிக் கேட்பதில்லை. மழை பெய்ததா என்று கேட்கிறான், கவிதாவின் பரீட்சையைக் கேட்கிறான், ‘வச்சிரவா’ என்கிறான். நான்கு முறை அந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகிய மண்டபத்துக்கு அது கேட்கப்படாததே போதும். மூன்றாம் அழைப்பின் அரை நிமிடத்திலும் ‘லெச்சுமி தின்னுச்சா?’ என்ற அளவிலாவது அந்தக் கேள்வி இருக்க வேண்டியது இதனால்தான்.

இரண்டு சபலங்களைத் தவிர்க்கச் சொல்வேன். விழா பொங்கல் விழா என்பதால் நான்காம் அழைப்பை மாட்டுப் பொங்கலில் வைக்கத் தோன்றும். வைத்தால், பசு முதலில் தென்பட்டதுமே முடிவு என்ன என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். புரட்டாசியிலேயே விட்டுவிடுங்கள், நம் ஊரில் சைவச் சாப்பாட்டுக்கு அந்த மாதம் கூடும் கூட்டமே காயத்துக்கும் காரணமாகிறது. இன்னொன்று, கடைக்கு வரும் முன்னாள் தோட்டத் தொழிலாளி ஒருவர் ‘எங்க தாத்தாவும் இப்படித்தான் கப்பல்ல வந்தாரு’ என்று பேசும் காட்சி. மண்டபத்தில் கைதட்டு கிடைக்கும். ஆனால் அதைச் சொல்லத்தான் படம் எடுத்தீர்கள் என்று ஆகிவிடும். முருகேசன் அவருடைய பேச்சுக்கு எடுத்துக்காட்டாகச் சுருங்கிவிடுவான். அந்தப் பெரியவர் வேண்டுமென்றால் இரண்டாம் வாரத்தில் வரட்டும்: கட்டுப் போட்ட கையோடு தட்டை ஏந்தி வருபவனிடமிருந்து, ஒன்றும் பேசாமல், தம்முடைய தே ஓ கிளாஸைத் தாமே எடுத்துக்கொள்ளட்டும்.

எடுக்கும் முறையும் எழுத்தைத் தீர்மானிக்கிறது. நேரடி வீடியோ அழைப்பை நம்பிப் படம் எடுக்க முயலாதீர்கள்; இணைப்பு நிற்கும், வெளிச்சம் மாறும், இரண்டாம் முறை எடுக்கும்போது முதல் முறை போல இருக்காது. ஊர்ப் பகுதியை அங்கே இருக்கும் உறவினரையோ நண்பரையோ வைத்து, கைப்பேசியை நெட்டாகப் பிடித்து, மாலை ஐந்தரை வெயிலில் முன்கூட்டியே எடுக்கச் சொல்லி, அந்தப் பதிவுகளை முருகேசனாக நடிப்பவரின் கைப்பேசியில் முழுத்திரையில் ஓட்டுங்கள். இதற்கு வசனம் முன்பே உறுதியாகிவிட வேண்டும். முருகேசனின் வரிகளை நீங்களே பேசிப் பதிந்து அனுப்பினால், அங்கே நடிப்பவர்கள் அதை ஒரு காதில் மாட்டிக் கேட்டுப் பதில் சொல்வார்கள். இடைவெளிகள் இயல்பாக விழும். பிரதியில் ‘கைப்பேசித் திரை’ என்று எழுதும் ஒவ்வொரு இடமும் ஒரு தனிப் பதிவு என்பதை நினைவில் வைத்து, படம் முழுவதற்கும் ஐந்தாறு இடங்களுக்கு மேல் போகாதீர்கள். மற்ற நேரங்களில் குரல் மட்டும் வரட்டும்.

அந்தக் குரலை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. தமிழ்ப்பள்ளி மண்டபமோ கோயில் மண்டபமோ, விசிறி சுற்றும், பின்வரிசையில் பிள்ளைகள் ஓடும், ஒலிபெருக்கி எதிரொலிக்கும். தொலைபேசிக் குரல் போல மெலிதாக்கிய வசனம் அங்கே பாதிதான் கேட்கும். ஆகவே கதையைத் தாங்கும் செய்தி எதுவும் அந்தப் பக்கக் குரலில் மட்டும் இருக்கக் கூடாது. மேலே உள்ள காட்சியில் கவிதாவின் பொய் யாருக்காவது காதில் விழாமல் போனாலும், ‘இந்நேரத்துலயா?’ என்ற முருகேசனின் கேள்வியும் சுவரில் தொங்கும் கயிறும் போதுமானவையாக இருப்பதைக் கவனியுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கும் இங்கே உதவாது; தமிழ் எழுத்து அதிக இடம் பிடிக்கும், அமைதிக்கோ பக்கமே இல்லை. இருவரை வைத்து உரக்கப் படித்து, அமைதிகளையும் சேர்த்து, கைப்பேசி நேரங்காட்டியில் பாருங்கள். பத்து நிமிடத்தைத் தாண்டினால் கடைக் காட்சியை வெட்டுங்கள், நான்காம் அழைப்பில் கை வைக்காதீர்கள்.

வசனத்தைப் பற்றி ஒன்று: முருகேசன் கடையில் நம் ஊர்ப் பேச்சைப் பழகியிருப்பான், வீட்டோடு பேசும்போது புதுக்கோட்டைப் பேச்சுக்குத் திரும்புவான். இரண்டையும் ஒரே எழுத்தாளர் சரியாக எழுதுவது அரிது. அந்த மாவட்டத்திலிருந்து வந்து இங்கே வேலை செய்யும் ஒருவரிடம் வீட்டுப் பகுதியைப் படித்துக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். அவர் நேரத்துக்குக் காசும் கொடுங்கள்.

அவரிடம் கதை கேட்டு அதையே எழுதுவதாக இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். வேலை பர்மிட் முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. அவர் வேண்டாம் என்றால் இந்த மனிதருக்கு இங்கே நிற்க இடமில்லை. சுங்கை சிப்புட் அளவுள்ள ஊரில் எந்தக் கடை, எந்தத் தம்பி என்று படம் முடிவதற்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். காயத்தின் வகை, கடையின் வகை, சொந்த ஊர், குடும்பத்தில் யார் யார் என்பவற்றில் குறைந்தது மூன்றையாவது மாற்றுங்கள். அவர் வேலை செய்யும் கடையிலோ அதன் பின்சந்திலோ படம் பிடிக்காதீர்கள். அவர் பெயரை நன்றிப் பட்டியலில் போடும் முன் அவரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.